சனிக்கிழமையே எடுத்து வைத்த கறி

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியன்று எங்கள் வீட்டில் இட்லிக்குக் கறிக்குழம்பு வந்து சேரும்போது மணி பதினொன்று. விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, சரவெடி கொளுத்திவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் தேங்காய்ச் சட்னியைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள். காரணம் நான்தான். முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஃப்ரீசரில் இருந்த இரண்டரைக் கிலோ ஆட்டுக்கறியை எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். காலைக்குள் ஐஸ் விட்டுவிடும் என்று நினைத்துத் தூங்கப் போய்விட்டேன். நாலு மணிக்கு எடுத்துப் பார்த்தால் அம்மிக்கல்.

தீபாவளிக்கு முதல் நாள் கறிக்கடையில் நிற்கும் வரிசைக்குப் பயந்து ஒரு வாரம் முன்னாலேயே வாங்கி, கடையில் கொடுத்த கவரோடு அப்படியே ஃப்ரீசரில் திணித்திருந்தேன். எலும்பு, தனிக்கறி, ஈரல் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டி. அத்தை வெந்நீர் வைத்து ஊற்றினார். மேலே இருந்த கறி வெளுத்து அரைவேக்காடாக மாறியது. உள்ளே கத்தி இறங்கவில்லை. அப்புறம் மேடைமேல் மூன்று மணி நேரம் கிடந்தது. அன்றைக்கு யாருக்கும் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை என் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு ராத்திரி ஏன் போதவில்லை என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். கறியில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர்தான். அது உறைந்து ஐஸாகியிருக்கிறது. ஐஸ் தண்ணீராக மாறுவதற்கு மட்டுமே, அதாவது சூடு ஒரு டிகிரிகூட ஏறாமல் வெறுமனே உருகுவதற்கு மட்டுமே, அதே அளவு தண்ணீரைப் பூஜ்யம் டிகிரியிலிருந்து எண்பது டிகிரிக்குக் கொண்டுபோகும் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைக் கொடுக்க வேண்டியது ஃப்ரிட்ஜுக்குள் நாலு டிகிரியில் இருக்கும் காற்று. கறியோ பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழே நிற்கிறது. ஐந்தாறு டிகிரி வித்தியாசத்தில் எவ்வளவு வேகமாக வேலை நடக்கும்? போதாததற்கு ஐஸ் வெப்பத்தைக் கடத்துகிற வேகத்தில் தண்ணீர் கால் பங்குதான் கடத்தும். வெளிப்பக்கம் இளகியதுமே அதுவே உள்ளே இருக்கும் ஐஸுக்குக் கம்பளி போர்த்தினதுபோல ஆகிவிடுகிறது. நடுவில் இருக்கும் அந்தக் கடைசிக் கைப்பிடிதான் ஆளைக் கொல்வது.

அமெரிக்க வேளாண் துறை வீட்டுச் சமையலுக்கு ஒரு கணக்கு சொல்கிறது. பெரிய கட்டியாக இருந்தால் நாலைந்து பவுண்டுக்கு, நம் கணக்கில் சுமார் இரண்டு கிலோவுக்கு, ஃப்ரிட்ஜுக்குள் 24 மணி நேரம். கிறிஸ்துமஸுக்கு ஐந்து கிலோ வான்கோழி சமைப்பவர்கள் மூன்று நாள் முன்னாலேயே அதைக் கீழே இறக்கிவிட வேண்டும். ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ வரும் முழுக்கோழிக்கு ஒன்றிலிருந்து இரண்டு நாள். அரைக் கிலோ எலும்பில்லாத கோழிக்கும் கொத்துக்கறிக்கும்கூட ஒரு முழு நாள் ஒதுக்கச் சொல்கிறார்கள். இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்றால் அரைக் கிலோவுக்கு ஆறு மணி நேரம்தானே என்று வகுத்துப் பார்த்துத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். கணக்கு அப்படி இறங்காது.

ஏனென்றால் தராசு காட்டும் எடையைவிடக் கட்டியின் கனம்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. கனம் இரண்டு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நாலு மடங்காகும். உருண்டையாகக் கட்டி வைத்த ஒரு கிலோவும், சப்பாத்திக் கல் மாதிரி பரத்தி வைத்த ஒரு கிலோவும் ஒன்றல்ல. எங்கள் கறிக்கடை பாய் இதை எந்தப் புத்தகமும் படிக்காமல் சொல்வார்: “மொத்தமாப் போடாதீங்கக்கா. அரைக் கிலோ அரைக் கிலோவாப் பிரிச்சு, கவரைத் தட்டித் தட்டையாக்கி வைங்க.” அவர் சொன்னபடி இரண்டு விரல் கனத்துக்குத் தட்டி வைத்த அரைக் கிலோ, என் ஃப்ரிட்ஜில் ராத்திரி வைத்தால் மறுநாள் மதியச் சமையலுக்கு வந்துவிடுகிறது. எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜும் ஒன்றுபோல் இருக்காது. இரண்டு டிகிரியில் ஓடும் ஃப்ரிட்ஜ் நாலு டிகிரியில் ஓடுவதைவிட அதிக நேரம் எடுக்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே ஒரு தட்டு இருக்குமே, சில்லர் ட்ரே, அதில் கறியை வைத்துவிட்டு ஐஸ் விடவில்லையே என்று காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். ஃப்ரீசரை விட்டால் அந்த வீட்டிலேயே குளிரான இடம் அதுதான்.

போன தீபாவளி திங்கட்கிழமை வந்தது. மறுபடியும் இரண்டரைக் கிலோ, மறுபடியும் ஒரே கட்டி. பாய் சொன்னதை அந்த வருஷமும் கேட்கவில்லை. இதற்குச் சமாதானம் ஒன்றும் கிடையாது. இந்தத் தடவை அடுப்பிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். திங்கட்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குக் குக்கரில் கறி விழ வேண்டும். இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்றால் இரண்டரைக் கிலோவுக்கு 30 மணி நேரம். அப்படிப் பார்த்தால் சனிக்கிழமை ராத்திரி பதினொன்றுக்கு எடுத்தால் போதும். ஆனால் பண்டிகைக்கு முதல் நாள் எங்கள் ஃப்ரிட்ஜில் காற்றுப் போக இடமிருக்காது. அதனால் இன்னும் பாதி நாள் சேர்த்து, சனிக்கிழமை காலை பலகாரம் முடிந்த கையோடு எடுத்து வைத்தேன். “இப்பவே எடுத்தா திங்கக்கிழமைக்குள்ள கெட்டுப் போயிடாதா?” என்றார் அத்தை.

கெடாது. மேடைமேல் வைப்பதற்கும் ஃப்ரிட்ஜுக்குள் வைப்பதற்கும் இதுதான் வித்தியாசம். ஃப்ரிட்ஜுக்குள் ஐஸ் விட்ட ஆட்டுக்கறித் துண்டுகள், ஐஸ் விட்ட பிறகும் மூன்றிலிருந்து ஐந்து நாள் சமையலுக்குக் காத்திருக்கும். கோழி, கொத்துக்கறி, ஈரல் இவற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு நாள்தான். ஆக முன்கூட்டி எடுத்தால் நட்டமில்லை, பிந்தினால்தான் அவதி.

வைத்த இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறி ஐஸ் விடும்போது சிவப்பாகத் தண்ணீர் இறங்கும். அது ரத்தம் இல்லை; உறையும்போது ஐஸ் ஊசிகள் தசையைக் குத்திக் கிழித்த இடங்களிலிருந்து கசியும் தசைநீர். வீட்டு ஃப்ரீசரில் கறி மெதுவாக உறைவதால் ஊசிகள் பெரிதாக இருக்கும், கசிவும் கூடும். அதில் கிருமி இருக்கும். ஃப்ரீசர் கிருமியைக் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கிறது. கவரில் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் அந்தத் தண்ணீர் கீழே சொட்டும். கீழே இருப்பது இட்லி மாவாக இருந்தால் எப்படியும் வேகப் போகிறது. தயிரோ, அரைத்து வைத்த சட்னியோ, நறுக்கிய பப்பாளியோ என்றால் என்ன செய்வது? எங்கள் ஃப்ரிட்ஜில் அன்றைக்கு நாலு முழம் மல்லிகைப்பூவும் இருந்தது. ஆகவே கவரோடு ஓர் ஆழமான எவர்சில்வர் சட்டிக்குள் வைத்து மூடி, எல்லாவற்றுக்கும் கீழே, காய்கறிப் பெட்டிக்கு மேல் உள்ள தட்டில் வைத்தேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு, சரியாக ஒரு நாள் கழித்துத் திறந்து பார்த்தேன். ஓரத்துத் துண்டுகள் இளகிக் கழன்று வந்தன. நடுவில் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி நின்றது. முந்தின வருஷம் ஏழு மணி நேரத்தில் நான் எதிர்பார்த்ததை நினைத்துச் சிரிப்பு வந்தது. கழன்ற துண்டுகளைத் தனியாகப் பரத்திவிட்டு, சிவப்புத் தண்ணீரைத் தெறிக்காமல் கொட்டிவிட்டு, நடுக்கட்டியை மறுபடி உள்ளே வைத்தேன். ராத்திரி எட்டு மணிக்கு அழுத்திப் பார்த்தபோது எங்கேயும் கல் தட்டுப்படவில்லை. முழுக்கோழியாக இருந்தால் வெளியே அழுத்திப் பார்த்து நம்பக் கூடாது. வயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்க்க வேண்டும், தொடை சேரும் இடத்தில்தான் ஐஸ் ஒளிந்திருக்கும்.

“நல்லாக் கொதிச்சா எந்தக் கிருமியும் செத்துப் போயிடும்மா, இதுக்கு ஏன் இவ்வளவு?” என்பது அத்தையின் நிரந்தரக் கேள்வி. பாதி சரி. கிருமி செத்துவிடும். ஆனால் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் பெருகும்போது விட்டுப் போகும் நஞ்சு, குழம்பு கொதித்தாலும் அழியாது. மேடைமேல் கிடக்கும் கறியில் நடு ஐஸாக இருக்கும்போதே வெளித்தோல் நம் அடுக்களைச் சூட்டுக்கு வந்துவிடுகிறது. அங்கே அவை இஷ்டத்துக்குப் பெருகும். சாதாரணமாக இரண்டு மணி நேரம், வெளியே 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரே ஒரு மணி நேரம், அதற்குமேல் பச்சைக்கறி வெளியே இருக்கக் கூடாது. சித்திரை வெயிலில் நம் வீடுகளில் அந்த ஒரு மணி நேரம்தான் கணக்கு.

எடுத்து வைக்கவே மறந்துவிட்டால்? ஓட்டையில்லாத கவரில் இறுக்கிக் கட்டி, குளிர்ந்த தண்ணீரில் முக்கி, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும். அரைக் கிலோ ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும், ஒன்றரை இரண்டு கிலோவுக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். இந்த முறை குழாயில் சில்லென்று தண்ணீர் வரும் ஊர்க்காரர்கள் எழுதி வைத்தது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நமக்கு மதியம் இரண்டு மணிக்கு வருவதை யாரும் குளிர்ந்த தண்ணீர் என்று சொல்ல மாட்டார்கள். ஃப்ரிட்ஜ் பாட்டில் தண்ணீரோ ஐஸ்கட்டியோ கலந்துதான் செய்ய முடியும். இப்படி ஐஸ் விட்ட கறியை உடனே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். திரும்ப ஃப்ரீசரில் வைப்பதானால் சமைத்துத்தான் வைக்கலாம்.

தீபாவளியன்று ஆறு மணிக்குக் குழம்பு இறங்கிவிட்டது. ஆனால் மச்சினர் குடும்பத்துக்குப் பஸ் டிக்கெட் கிடைக்காமல், புதன்கிழமைதான் வருவோம் என்று முதல் நாள் ராத்திரியே போன் வந்திருந்தது. ஒரு கிலோ மிச்சம். சட்டி ஃப்ரிட்ஜை விட்டு வெளியே அதிக நேரம் இருக்கவே இல்லை என்பதால் அப்படியே திரும்ப ஃப்ரீசரில் வைத்திருக்கலாம், கொஞ்சம் சாறு போகும், அவ்வளவுதான். நான் வைக்கவில்லை. ஈரலை மட்டும் பொறுக்கித் திங்கட்கிழமையே மிளகு போட்டு வறுத்துவிட்டோம். தனிக்கறி கீழ்த்தட்டிலேயே இருந்து, புதன்கிழமை மத்தியானம் சுக்காவாயிற்று.