படம் எந்த வரிக்குப் பின் வரும்?

பாடநூல் வெளியீட்டுப் பிரிவின் இயக்குநர் அவர்களுக்கு,

பார்வையற்ற பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தும் ஆசிரியன் நான். நீங்கள் இணையத்தில் தரும் பாடநூல் பிடிஎஃப்பை இவர்கள் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் மூலம் கேட்டுத்தான் படிக்கிறார்கள். எழுத்துகள் யூனிகோடில் இருப்பதால் வரிகள் காதில் விழுகின்றன. சிக்கல் படங்களில்தான்.

மின்னோட்டவியல் பாடத்தைப் பாருங்கள். “கீழ்க்கண்ட மின்சுற்றைக் கவனி” என்ற வரி வருகிறது. அடுத்து மின்சுற்று வர வேண்டும். வருவதோ அடுத்த பத்தி. படங்கள் எல்லாம் பாடம் முடிந்தபின் வரிசையாக வந்து நிற்கின்றன. அப்போதும் ஒவ்வொன்றுக்கும் “கிராஃபிக்” என்ற ஒரு சொல்தான்.

காரணம் பக்க வடிவமைப்பில் இருக்கிறது. இன்டிசைனில் பாடத்தின் உரை முழுவதும் பக்கம் பக்கமாகத் தொடுக்கப்பட்ட ஒரே ஓட்டம். படம் தாளில் அதன் நடுவே தெரிந்தாலும் அந்த ஓட்டத்துக்கு வெளியே தனிச் சட்டமாகத்தான் கிடக்கிறது. குறிச்சொற்களோடு பிடிஎஃப் ஆக்கும்போது மென்பொருள் உரையை முழுதாக எழுதிவிட்டு, பிறகே படங்களுக்கு வருகிறது.

தீர்வு எளிது. படச் சட்டத்தின் மேல் விளிம்பில் உள்ள சிறு நீலச் சதுரத்தை இழுத்து, உரிய வரியின் முடிவில் விட்டால் படம் அந்த வரியோடு பிணைந்துவிடும். பிறகு Object Export Options-இல் Alt Text பகுதியில் விளக்கம் எழுத வேண்டும். அக்ரோபேட்டிலும் இவற்றைச் சரிசெய்யலாம்தான். ஆனால் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி மறுபடி பிடிஎஃப் எடுத்தால் அந்த உழைப்பு அத்தனையும் வீண். மூலக்கோப்பில் செய்தது மறுபதிப்பிலும் நிற்கும்.

விளக்கத்தை வடிவமைப்பாளர் தலையில் கட்டாதீர்கள்; பாட ஆசிரியர்தான் எழுத வேண்டும். “மின்சுற்றுப் படம்” என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றே. “மின்கலம், சாவி, அம்மீட்டர், மின்விளக்கு ஆகியவை ஒரே வளையத்தில். வோல்ட்மீட்டரின் இரு முனைகளும் விளக்கின் இரு முனைகளோடு சேர்க்கப்பட்டுள்ளன” என்றால் பிள்ளை மனத்தில் சுற்றை வரைந்துகொள்வாள். இங்கே “பக்க இணைப்பு” என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். படத்தின் கீழுள்ள கேள்விக்கு விடையே அதுதான்; விளக்கம் விடையைச் சொல்லிவிடக் கூடாது.

அக்ரோபேட்டின் தானியங்கிச் சோதனை தேர்ச்சி தந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். விளக்கம் இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும், சரியா என்று பார்க்காது. வாசிப்பு வரிசையை மனிதர்தான் பார்க்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுகிறது. திரையை அணைத்துவிட்டு, கீழ் அம்பு விசையால் ஒரு பாடத்தைக் கேட்டால் போதும்.

மின்னணு உள்ளடக்கம் மாற்றுத்திறனாளிகள் அணுகும் வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு. அடுத்த பதிப்புக்கான வடிவமைப்பு ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள்: படங்கள் உரையோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும், பார்வையற்ற வாசகர் ஒருவர் கேட்டுச் சரிபார்த்த பிறகே பணம் தரப்படும்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியன்