கேட்க வேண்டியது பதினைந்து நிமிடம்

பேளுக்குறிச்சி சனிக்கிழமைச் சந்தைக்கு மசாலா சாமான் வாங்கப் போனவர்களுக்கு இந்த வித்தை தெரியும். மிளகு விலையைக் கேட்பது, "கட்டுப்படி ஆகாதுங்க" என்று நாலடி நகர்வது, கடைக்காரர் திரும்பக் கூப்பிடுவது. பக்கத்திலேயே இன்னொரு மிளகுக் கடை இருப்பதால் அது செல்லுபடியாகிறது. இதே வித்தையை ஆபீஸுக்கும் தூக்கிக்கொண்டு போகிறோம் என்பதுதான் என் புகார். நகர்ந்தபின் கூப்பிடவில்லை என்றால் சந்தையில் வேறு கடை. ஆபீஸில் மறுநாள் காலை அதே மேனேஜர் முன்னால் அதே நாற்காலியில் போய் உட்கார வேண்டும்.

இத்தனைக்கும் மேனேஜர் கடைக்காரரே இல்லை. பெரும்பாலான கம்பெனிகளில் பணம் அவர் கையில் இருக்காது. நம்ம கோரிக்கையை அவர் ஹெச்ஆரிடமோ தன் மேலதிகாரியிடமோ கொண்டுபோய், நமக்காக வாதாட வேண்டும். அதனால் முதல் மெசேஜில் பணத்தைக் கேட்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள். ஆனால் விஷயம் என்ன என்பதை மறைக்கவும் வேண்டாம். "சார், அர்ஜென்ட்டா கொஞ்சம் பேசணும்" என்று மொட்டையாக அனுப்பினால், பையன் பேப்பர் போடப்போறான் என்றுதான் அவர் நினைப்பார். மிரட்டல் எதுவும் இல்லாமலேயே அது மிரட்டல் ஆகிவிடும்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் ஒரு மெஷினிங் யூனிட்டில் மாதம் 25,000 ரூபாய்க்கு ட்ரெய்னியாகச் சேர்ந்த நம்ம சீனியர் அக்கா ஒருவர். ஒன்றரை வருடம் ஆச்சு. முன்பு வெளியே காசு கொடுத்து எழுதி வாங்கிய சிஎன்சி ப்ரோக்ராம்களை இப்போது அவரே எழுதுகிறார். சம்பளம் மட்டும் அதே இடத்தில். அவர் அனுப்ப வேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். அடுத்த வாரம் பதினைந்து நிமிடம் உங்களோடு பேச நேரம் கிடைக்குமா? என் சம்பளத் திருத்தம் பற்றிப் பேச விரும்புகிறேன். சேர்ந்தபிறகு கூடுதலாக எடுத்துக்கொண்ட வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதி, முதல் நாளே அனுப்பிவிடுகிறேன். இந்த வாரம் டிஸ்பாட்ச் நெருக்கடி என்று தெரியும். செவ்வாய் அல்லது வியாழன் மதியம் வசதிப்படுமா?"

இதில் தொகை இல்லை, கெடு இல்லை, வேறு ஆஃபர் பற்றிய ஜாடை இல்லை. செவ்வாய், வியாழன் என்பது அவர் பேசுவதற்கான நாளே தவிர முடிவு சொல்வதற்கான நாள் அல்ல. "31ஆம் தேதிக்குள் சொல்லுங்கள்" என்ற ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள், மொத்த மெசேஜும் நோட்டீஸ் ஆகிவிடும். ஹெச்ஆருக்கு காப்பி போட்டால் அது புகார் மாதிரி ஆகிவிடும். நாலு இடத்தில் "தயவுசெய்து" சேர்த்தாலும் இரண்டையும் சரிக்கட்ட முடியாது.

அந்த ஒரு பக்கம்தான் மேனேஜர் மேலே எடுத்துப்போகும் ஆயுதம். வெளியே கொடுத்த ப்ரோக்ராம் வேலைக்கு மாதம் எவ்வளவு போனது, இப்போது எவ்வளவு என்று அதில் இருக்கட்டும். தங்கச்சி கல்யாணம், வீட்டு லோன் எல்லாம் வேண்டாம். உண்மையான கஷ்டம்தான், ஆனால் அதை வைத்து மேலே அவரால் வாதாட முடியாது. தொகையை நேரில், ஒரே எண்ணாகச் சொல்லலாம்: "31,000 எதிர்பார்க்கிறேன் சார்." சொல்லிவிட்டு அவரைப் பேச விடணும். (இது எல்லோருக்கும் கஷ்டமான இடம். பதற்றத்தில் நாமே 28க்கு இறங்கிவிடுவோம்.)

எப்போது கேட்பது? உங்க கம்பெனியில் ஏப்ரலில் உயர்வு என்றால், பட்ஜெட் முடிந்து லெட்டர் அச்சாகும் மார்ச் கடைசி ரொம்ப லேட். ஜனவரியிலேயே கேட்டுவிடுங்கள்.

பெரிய ஐடி கம்பெனிகளில் இதற்கு எல்லை உண்டு. டிசிஎஸ்ஸில் வழக்கமாக ஏப்ரலில் வரும் உயர்வு 2025இல் தள்ளிப்போனது. ஆகஸ்டில்தான், சுமார் 80 சதவீத ஊழியர்களுக்கு செப்டம்பர் 1 முதல் உயர்வு என்று அறிவித்தார்கள். அப்படி மொத்தமாக முடிவாகும் இடத்தில் டீம் லீடிடம் சதவீதம் பேசிப் பலனில்லை. அடுத்த கிரேடுக்குப் போக என்ன செய்யணும் என்று கேட்க அதே பதினைந்து நிமிடத்தைப் பயன்படுத்தலாம்.

கையில் நிஜமாகவே ஆஃபர் லெட்டர் வைத்துக்கொண்டு, கிளம்புவது என்று முடிவும் எடுத்துவிட்டீர்களா? அது வேறு பேச்சு, அதை நேராகவே சொல்லிவிடுங்கள். அதற்கு இந்த மென்மையான மெசேஜைப் போர்வையாக்கினால், அடுத்து வரும் ஜூனியர் நிஜமாகவே கேட்கும்போது அவர் நம்பமாட்டார்.

"இப்போ முடியாதும்மா" என்றுகூட பதில் வரலாம். அக்கா முகம் சுருங்காமல் கேட்க வேண்டியது இரண்டு: திரும்ப எந்த மாதம் பேசலாம், அதற்குள் என்ன முடித்திருக்கணும். அன்றைக்கு சாயங்காலமே, "நேரம் கொடுத்ததற்கு நன்றி சார், ஜூலையில் மீண்டும் பேசலாம் என்றீர்கள்" என்று இரண்டு வரி மெயில் போட்டுவிடட்டும். ஜூலையில் அந்த மெயிலுக்கே ரிப்ளை போட்டு, மறுபடியும் பதினைந்து நிமிடம் கேட்கலாம்.