நூற்று நாற்பது பக்கம் வேண்டாம், ஒரு தாள் போதும்



நம் லயங்களுக்குக் கேள்விக்கொத்தோடு வந்துபோன பல்கலைக்கழகப் பிள்ளைகள் எத்தனையோ பேர். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த களைப்போடு, அடுப்பில் உலையை வைத்துக்கொண்டே நாம் அவர்களுக்குப் பதில் சொன்னோம். அந்தப் பதில்கள் எல்லாம் ஆய்வேடாகி, மட்டை கட்டி, நூலகத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. நானும் அப்படி ஒன்றை எழுதியவள்தான். கல்வி முதுமாணிப் பட்டத்துக்காக, எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஆறாம் தரத்துக்குப் பிறகு ஏன் அடிக்கடி பள்ளிக்கு வருவதில்லை என்று ஆராய்ந்தேன். மொத்தம் நூற்று நாற்பது பக்கம்.

பட்டம் கிடைத்ததும் அதைத் தூக்கிக்கொண்டு ஓர் அதிகாரியிடம் போனேன். அவர் மரியாதையாகவே வாங்கினார். நாலைந்து பக்கம் புரட்டினார். "டீச்சர், இதில் நான் செய்ய வேண்டியது என்ன?" என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பரிந்துரைகள் நூற்று முப்பதாம் பக்கத்தில் இருந்தன. அதுவும் பதினான்கு பரிந்துரைகள். அவற்றில் அவருடைய கையெழுத்தால் நடக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அன்று அவர் மேல் கோபப்பட்டேன். இப்போது யோசித்தால் தவறு என்னுடையது.

ஆய்வேடு பரீட்சகருக்காக எழுதப்படுவது. முன்னோர் சொன்னது, ஆராய்ந்த முறை, கிடைத்த முடிவு, கடைசியில் பரிந்துரை என்று அது போகும். அதிகாரிக்குக் கொடுக்கும் கொள்கைச் சுருக்கம் தலைகீழாக இருக்க வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பது முதல் மூன்று வரியில் வந்துவிட வேண்டும். ஏன் என்பது அதற்குப் பிறகு. ஆராய்ந்த முறைக்குக் கடைசியில் இரண்டு வரி போதும். அதிகாரி முதல் பக்கத்தின் மேற்பாதியை மட்டும் படித்துவிட்டு ஒதுக்கி வைத்தாலும் நம் கோரிக்கை அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

எங்கள் விஷயத்தையே சொல்கிறேன். பிள்ளைகள் வராததற்கு என் ஆய்வில் மூன்று காரணங்கள் வந்தன. ஒன்று பஸ் நேரம், இரண்டாவது மேல் டிவிசனின் உடைந்த பாதை, மூன்றாவது பள்ளிக்கூடக் கழிவறை. மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் யாருக்கும் உதவாது. பஸ் நேரம் டிப்போவின் கையில், கழிவறை கல்விப் பணிமனையின் கையில் இருக்கிறது. பாதைக்குப் பிரதேச சபையிடம் போகலாம். ஆனால் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டத்துக்குள் செலவு செய்யச் சபைக்குச் சட்டத்தில் இடம் இருக்கவில்லை. அதற்கு முன்பு எழுதப்பட்ட ஆய்வேட்டிலிருந்து பாதைக் கோரிக்கையை எடுப்பவர் இந்த மாற்றத்தையும் சேர்த்து எழுதாவிட்டால், "அதிகாரம் இல்லை" என்ற பழைய பதிலே திரும்பி வரும். ஆகவே ஒரு தாளுக்கு ஒரு முடிவு, ஒரு கோரிக்கை, அதைச் செய்யக்கூடிய ஓர் அதிகாரி. மற்ற இரண்டுக்கும் வேறு வேறு தாள் எழுதுவோம்.

நான் பஸ்ஸை எடுத்தேன். ஆய்வேட்டில் அது இருபத்தாறு பக்கம். அதைச் சுருக்கியபோது வந்தது இவ்வளவுதான்: காலை 6.10க்குச் சந்தியில் ஒரு பஸ், அடுத்தது 7.50க்கு. பள்ளி தொடங்குவது 7.30க்கு. முதல் பஸ்ஸைப் பிடிக்க மேல் டிவிசன் பிள்ளை ஐந்தரைக்கே இருட்டில் இறங்க வேண்டும். சின்னப் பிள்ளையைத் தனியே விட முடியாமல் தாய் கூடப் போனால், அவள் பிரட்டுக்குப் பிந்துகிறாள், அன்று அரைப்பேர்தான். ஆகவே மழை நாளில் பிள்ளை வீட்டில் நின்றுவிடுகிறது. கோரிக்கை: முதல் பஸ்ஸை 6.40க்கு மாற்றிப் பாருங்கள், ஒரு தவணைக்கு மட்டும்.

செலவு என்ன என்பதையும் எழுதினேன். அதே பஸ், அதே சாரதி, புதிய ஓட்டம் இல்லை. எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதையும் நானே எழுதினேன். 6.10 பஸ்ஸில் டவுனுக்கு வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் யார் யாருக்கு 6.40 பிந்திவிடும் என்று இரண்டு காலைகள் சந்தியில் நின்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். இந்தக் கேள்வியை அதிகாரி முதலில் கேட்டு நாம் விழித்தால் அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

சுருக்கும்போது இரண்டு தவறுகள் நடக்கும். நான் இரண்டையும் செய்து திருத்தியவள்.

முதலாவது, பெரிதாக்கிவிடுவது. என் ஆய்வு ஒரே தோட்டத்தின் மூன்று டிவிசன்களைப் பற்றியது. இடமில்லாமல் அந்த வரியை வெட்டியபோது, "தோட்டப் பிள்ளைகளில் பத்தில் ஆறு பேர்" என்று முழு மலையகத்துக்கும் சொல்வதைப் போல ஆகிவிட்டது. "எந்தெந்தத் தோட்டம்?" என்ற ஒரு கேள்வியில் முழுத் தாளும் விழுந்துவிடும். எத்தனை பேரிடம், எங்கே, எப்போது கேட்டோம் என்ற வரியை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டக் கூடாது.

இரண்டாவது, ஆளைக் காட்டிக்கொடுப்பது. உருக்கமாக இருக்கட்டும் என்று ஒரு பிள்ளையின் கதையைச் சேர்த்தேன். பெயர் போடவில்லை. ஆனால் டிவிசனும் தரமும், அப்பா இல்லை என்பதும் இருந்தன. எங்கள் தோட்டத்தில் அதற்குமேல் பெயர் எதற்கு? தாள் எப்படியும் தோட்டக் கந்தோருக்குப் போகும், அரைப்பேரைப் பற்றிப் பேசிய தாய் யார் என்று துரைக்கும் தெரிந்துவிடும். அந்தக் கதையை எடுத்துவிட்டு, பல தாய்மார் சொன்னதைச் சேர்த்து ஒரே வரியாக எழுதினேன்.

தாள் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. என் அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். அவருக்கு முதல் பக்கத்தை வாசித்துக் காட்டி, "யாரிடம் என்ன கேட்கிறோம்?" என்றேன். முதல் தடவை, "ரோட்டு போடச் சொல்றியா?" என்றார். மறுபடி எழுதினேன். மூன்றாம் தடவைதான், "பஸ்ஸ அரை மணித்தியாலம் பிந்திவிடச் சொல்ற" என்றார். தமிழும் நாட்டின் அரசகரும மொழிதான். ஆனாலும் டிப்போவில் இருப்பவர் சிங்களத்தில் வேகமாகப் படிப்பவராக இருந்ததால், அதே தாளைச் சிங்களத்திலும் எழுதி இரண்டையும் சேர்த்துக் கொடுத்தோம்.

அவர் நம் முன்னாலேயே படித்து முடித்தார். அதிபரின் கடிதம் ஒன்று வேண்டும் என்றார், கொடுத்தோம். ஒரு தவணைக்கு நேரம் மாற்றப்பட்டது. நிரந்தரமாக்கும் பேச்சு இன்னும் நடக்கிறது. பாதையும் கழிவறையும் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கான தாள்கள் இனித்தான்.

நம் சங்கத்திடம் நான் கேட்பது இதுதான். இனி ஆய்வு என்று வருகிற பிள்ளையைத் தோட்டக் கமிட்டி வரவேற்கட்டும், கேட்பதற்குப் பதில் சொல்லட்டும். கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கட்டும்: ஆய்வு முடிந்ததும் இரண்டு பக்கத்தில் ஒரு தாள் எழுதிக் கமிட்டிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதில் யாருடைய அடையாளமாவது தெரிகிறதா என்று நாம் பார்ப்போம். எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது நமக்குத் தெரியும், கொண்டுபோவதும் நம் வேலை. நம் வாயிலிருந்து போன பதில்கள் நூலகத்தோடு நின்றுவிடக் கூடாது.