கோணல் கடிதத்தை நேராக்கிப் படிக்காதீர்கள்



தாத்தா காலத்து இன்லேண்டு கடிதங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் பழக்கம் இப்போது நம்மில் பலருக்கு வந்திருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் எழுத்து புரியாத இடத்தில் 'இப்படித்தான் இருக்கும்' என்று நிரப்பிவிடுகிறீர்கள். அது படிப்பதல்ல, நாமே எழுதுவது.

போளூரைச் சேர்ந்த மாணவர் ஒருவர், தன் தாத்தா 1971-இல் எழுதிய கடிதத்தை அனுப்பினார். அதில் '75 மூட்டை கிழங்கு' என்று அவர் படித்திருந்தார். வந்த பணமோ 600 ரூபாய். பங்காளி ஏமாற்றிவிட்டார் என்று வீட்டில் பேச்சே கிளம்பிவிட்டது.

கோடில்லாத தாளைத் தொடைமேல் வைத்து எழுதினால், கை முழங்கையை ஊன்றிச் சுழலும்; வரி வலப்பக்கம் மேலேறும். எல்லா வரியும் ஒரே அளவில் ஏறாது. அந்தக் கடிதத்தில் முதல் வரிகள் கிட்டத்தட்ட நேர். அடியில் போகப் போக ஏற்றம் அதிகம். அதனால் படத்தை ஒரே தடவை திருப்பி நேராக்கிப் பயனில்லை.

நான் செய்வது இதுதான். பெரிதாக அச்செடுத்து, இடது ஓரத்தில் வரிகளுக்கு எண் போடுவேன். அங்கேதான் வரிகள் விலகி நிற்கும். பிறகு வலது ஓரத்திலும் எண்ணுவேன். இதில் இடப்பக்கம் 22, வலப்பக்கம் 20. ஆக, இரண்டு இடத்தில் வரிகள் கலந்திருக்கின்றன. ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஒரு நூலை ஒட்டி, இடமிருந்து வலமாக அதைத் தொடர்ந்து போக வேண்டும். நடுவில் புகுந்து படிக்கவே கூடாது.

அந்த '75' கலந்த இடத்தில்தான் இருந்தது. மேல் வரி 'லாரி வந்தது' என்று முடிகிறது. 7-இன் தலையை எண்ணோடு சேர்த்தால், மேலே 'வந்தத' என்றுதான் மிஞ்சும். ஒரு கோட்டை இரண்டு எழுத்துக்குக் கொடுக்க முடியாது. அது 'து'வின் வால். கீழே இருப்பது 15. மூட்டைக்கு 40 ரூபாய் என்று இரண்டு வரி தள்ளி அவரே எழுதியிருக்கிறார். பெருக்கினால் 600!

புள்ளியிலும் கவனம் வேண்டும். வலப்பக்கம் சாய்த்து எழுதுகிறவர் வைத்த புள்ளி அடுத்த எழுத்தின் தலைமேல் போய் நிற்கும். செங்குத்தாகப் பார்க்காமல், எழுத்து சாயும் திசையிலேயே பாருங்கள். சிலர் புள்ளியே வைக்கமாட்டார்கள். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று விட்ட பழக்கம் தாளிலும் தொடர்ந்தது. 'ர'வும் காலும் ஒன்றுபோல இருந்தால், அதே கையில் தெளிவாக உள்ள சொல் ஒன்றைத் தேடி ஒப்பிடுங்கள்.

தட்டச்சு செய்யும்போது அவர் வரியை முடித்த இடத்திலேயே நீங்களும் முடியுங்கள். பிழையைத் திருத்த வேண்டாம். பழைய 'லை', 'னை'களை மட்டும் இன்றைய வடிவில் எழுதலாம். 1978 சீர்திருத்தத்தில் மாறியது வடிவம்தான். ஊகித்த சொல்லை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். இந்தக் கடிதத்தின் 19-ஆம் வரிக் கடைசிச் சொல் மடிப்பில் தேய்ந்துவிட்டது. 'பூண்டு' என்று சொல்ல ஆசைதான், [பூ...] என்று மட்டும் போட்டு அனுப்பிவிட்டேன்.