"அண்ணாச்சி, ஒழுகுது" என்றால் அது புகார் ஆகுமா?



நம் கல்லூரியில் விடுதி கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். கிடைக்காத நாம் நாலு பேர் சேர்ந்து வெளியே அறை எடுக்கிறோம். அட்வான்ஸ் என்று ஒரு தொகையைக் கொடுக்கிறோம். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பது நம் வீட்டிலுள்ளவர்களுக்குத்தான் தெரியும். காலி செய்யும்போது அது திரும்பி வருமா வராதா என்பதை, நாம் என்றோ போனில் தட்டி அனுப்பிய ஒரு வரி முடிவு செய்யும் என்று சொன்னால் நம்புவீர்களா? நானும் நம்பவில்லை. எங்கள் அறையில் எங்களுக்கு முன் இருந்த சீனியர்களின் கதையைக் கேட்ட பிறகுதான் நம்பினேன்.

அவர்கள் காலி செய்தபோது, "சுவரை நாசம் பண்ணிட்டீங்க, வெள்ளையடிக்கணும்" என்று வீட்டுக்காரர் 7,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டாராம். சுவரைக் கெடுத்தது இவர்கள் அல்ல, மேலிருந்து இறங்கிய தண்ணீர். "நாங்க அப்பவே சொன்னோமே" என்று போனைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். அதில் இருந்தது இரண்டே வார்த்தை: "அண்ணாச்சி ஒழுகுது". எங்கே ஒழுகுது? எப்போதிருந்து? அண்ணாச்சி சிரித்தாராம். "குழாய் ஒழுகுதுன்னு நெனச்சேன் தம்பி. குழாய் வாசர் மாத்துறது உங்க வேலைல்லா?"

இந்த வருடம் ஐப்பசி மழையில் அதே குளியலறை எங்களுக்கும் ஒழுக ஆரம்பித்தது. 2025 அக்டோபர் 19ஆம் தேதி இரவு என் அறைத்தோழன் அனுப்பிய தகவல் இதுதான்:

"அண்ணாச்சி மறுபடி பாத்ரூம்ல தண்ணி சொட்டுது. ஒரே ரோதனையா இருக்கு. கொஞ்சம் பாருங்க"

கூடவே ஒரு கும்பிடு பொம்மை. அண்ணாச்சியும் அன்றே "சரி பாக்கேன்" என்று பதில் போட்டார். அதோடு சரி. நவம்பர் 2ஆம் தேதி ஈரம் குளியலறையைத் தாண்டி அறைச் சுவருக்கு வந்துவிட்டது. சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் மேலே வரை சுவர் கறுத்துப் போயிருந்தது. மறுநாள் போனில் பேசினேன். "கொத்தனார் சிக்க மாட்டேங்கான்" என்றார். இனி முறையாக எழுதிவிடுவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தோம். யார் எழுதுவது? ஒப்பந்தப் பத்திரம் என் பெயரில் இருப்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் முதலில் எழுதியது ஒரு மனு. எங்கள் வீட்டில் எழுத்து வேலை என்றால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும் மனு எழுதுபவர்தான். அவர் எழுதி நான் பார்த்த நடை அப்படியே வந்துவிட்டது. "தாங்கள் கருணை கூர்ந்து ஏழை மாணவர்களாகிய எங்கள் மீது இரக்கம் வைத்து..." என்று அரைப் பக்கம் ஓடியது. எழுதி முடித்துப் படித்தால், எதற்குக் கருணை என்பது கடைசி வரியில்தான் வருகிறது! மாதம் 6,000 ரூபாய் வாடகை கொடுத்துவிட்டு இரக்கத்தை எதற்குக் கேட்க வேண்டும்? கிழித்துப் போட்டேன்.

அறைத்தோழன் சும்மா இருப்பானா? அவன் வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று தயாரித்தான். "தவறும் பட்சத்தில் தங்கள் மீது சட்டப்படி சிவில் மற்றும் கிரிமினல் நடவடிக்கை..." அதையும் வேண்டாம் என்றேன். எந்தச் சட்டம், என்ன நடவடிக்கை என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததைச் சொல்லி மிரட்டினால் எதிராளி அதை மட்டும் பிடித்துக்கொண்டு கோபப்படுவார். ஒழுகுவதை மறந்துவிடுவார்.

என் கருத்து இதுதான். முறையான புகார் என்றால் பெரிய வார்த்தைகள் போடுவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் முறையானது என்றும் நினைக்கிறோம். இரண்டும் தவறு. நம்மையும் அண்ணாச்சியையும் அறியாத மூன்றாவது மனிதர் ஒருவர் ஆறு மாதம் கழித்து அதைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரையும் எதுவும் கேட்காமல் அவருக்கு விஷயம் விளங்க வேண்டும். அவ்வளவுதான் முறை.

அந்தக் கண்ணோடு பழைய தகவலைப் படித்துப் பாருங்கள். "மறுபடி" என்றால் எந்தத் தேதி? தெரியாது. "பாத்ரூம்ல" என்றால் கூரையா, குழாயா? தெரியாது. "கொஞ்சம் பாருங்க" என்றால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் போதுமா? அனுப்பியவனின் பெயரோ ஒப்பந்தத்திலேயே இல்லை. ஆனால் அதில் ஒரு நல்ல சரக்கும் இருக்கிறது. "சரி பாக்கேன்" என்ற அண்ணாச்சியின் பதில்! விஷயம் தனக்குத் தெரியும் என்று அவரே எழுதிக் கொடுத்தது அது. அதனால் பழைய தகவலை அழிக்கவே கூடாது. புதிய தகவலையும் அதே உரையாடலின் கீழேயே அனுப்பி, பழையதைத் தேதியோடு குறிப்பிட வேண்டும். தானாக மறையும் தகவல் என்று ஒரு வசதி போனில் இருக்கிறதே, அது போட்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

கடைசியில் நாங்கள் அனுப்பியது இது. இப்போது இருவரும் ஒரே குழுவில் இருந்ததால் என் எண்ணிலிருந்தே அனுப்பினேன்.

"வணக்கம் அண்ணாச்சி. தங்கள் வீட்டு மாடியில் பின்பக்க அறைக்கு 2025 ஜூன் மாதம் ஒப்பந்தம் போட்டுக் குடியிருக்கும் (என் முழுப்பெயர்) எழுதுவது. குளியலறைக் கூரையில், கதவிலிருந்து சுமார் இரண்டடி தள்ளி, அக்டோபர் 19 முதல் தண்ணீர் சொட்டுகிறது. மழை இல்லாத நாளிலும் சொட்டுகிறது. நவம்பர் 2 முதல் அறைச் சுவரிலும் ஈரம் இறங்கி, சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் மேலே வரை வந்துள்ளது. அக்டோபர் 19 இரவு என் அறைத்தோழர் தகவல் அனுப்பினார். 'சரி பாக்கேன்' என்று பதில் தந்தீர்கள். நவம்பர் 3 நான் போனில் பேசினேன். இன்றுவரை வேலை தொடங்கவில்லை. கூரைக் கசிவையும், அந்தச் சுவருக்குள் ஓடும் ஒயரிங்கையும் ஆள் வைத்துப் பார்த்து, நவம்பர் 20க்குள் சரிசெய்து தர வேண்டும். அதுவரை அந்தப் போர்டை நாங்கள் பயன்படுத்தவில்லை. போட்டோ மூன்று இத்துடன் உள்ளது. ஆள் வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால் எங்களில் ஒருவர் அறையில் இருப்போம். நவம்பர் 8, 2025."

"அண்ணாச்சி" என்று இருப்பதைப் பார்த்து, இது எப்படி முறையாகும் என்று ஒரு நண்பர் கேட்டார். ஏன் ஆகாது? ஐந்து மாதமாக அண்ணாச்சி என்று கூப்பிட்டவரைத் திடீரென்று "உயர்திரு உரிமையாளர் அவர்களுக்கு" என்று எழுதினால் சண்டைக்கு வருகிறோம் என்று அர்த்தமாகும். மரியாதை வார்த்தை விஷயத்தை மறைக்காது. "ஒரே ரோதனை" என்பதுதான் மறைக்கும். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் "ஒரு சாண்" என்று போட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் சிவில் படிப்பவன். மேல்மாடிக் குளியலறையில் தரைக்கடியில் ஓடும் குழாய் இணைப்பு விட்டுப் போயிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். மழையில்லாத நாளிலும் சொட்டுகிறதே! அதை எழுதிவிடக் கை துடித்தது. எங்கள் விரிவுரையாளர் ஒருவர்தான் தடுத்தார். "காரணம் எழுதாதப்பா, கண்ணுல பட்டதை மட்டும் எழுது. நீ குழாய்னு எழுதி, உடைச்சுப் பார்த்து மொட்டைமாடித் தளம்னு தெரிஞ்சா, புகாரே பொய்னு ஆயிடும்" என்றார். எவ்வளவு உண்மை! மழையில்லாத நாளிலும் சொட்டுகிறது என்பதை மட்டும் எழுதிவிட்டால், காரணத்தைக் கொத்தனாரே கண்டுபிடித்துக்கொள்வார். அதேபோல "இரண்டு மாதமாக" என்று கூட்டி எழுதவும் ஆசை வந்தது. மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு தேதி பொய்யானால் மற்ற தேதிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பிறகு தேடிப் படித்தேன். தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில் எந்தப் பழுது யாருடையது என்று ஒரு பட்டியலே இருக்கிறது. கட்டடத்தின் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பக்கம். குழாயின் வாசர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், பூட்டு போன்றவை நம் பக்கம். இதைப் படித்த பிறகுதான் அண்ணாச்சி சீனியர்களிடம் ஏன் குழாய் வாசர் என்று பேச்சை மாற்றினார் என்பது புரிந்தது! எங்கள் அறையிலும் ஒரு சுவிட்ச் உடைந்திருந்தது. அதையும் புகாரில் சேர்க்க அறைத்தோழன் சொன்னான். சேர்த்திருந்தால் பதில் முழுக்க அந்த சுவிட்சைப் பற்றியே வந்திருக்கும். நாங்களே மாற்றிக்கொண்டோம்.

வீடு குடியிருக்க முடியாத நிலைக்குப் போனால் 15 நாள் அறிவிப்பு கொடுத்துவிட்டு வெளியேறலாம் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் அதற்கு முன் பழுதுபார்க்கச் சொல்லி எழுத்துமூலம் கேட்டிருக்க வேண்டும். வாயால் ஆயிரம் தடவை சொன்னாலும் அந்த இடத்தில் செல்லாது. போனில் அனுப்புவது எழுத்தா என்று கேட்பீர்கள். மின்னணு வடிவில் இருந்து, பின்னால் எடுத்துப் பார்க்க முடிந்தால் அதுவும் எழுத்துதான் என்று 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்கிறது. ஆனால் வழக்கு என்று போனால் படம் பிடித்த திரையை மட்டும் நீட்டினால் போதாது. அதற்கென்று ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், போனும் கையில் இருக்க வேண்டும். நம் போன் எப்போது தண்ணீரில் விழும் என்று யார் கண்டது? அதனால் அதே வாசகத்தை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்துக்கொண்டு, தபாலிலும் அனுப்பினோம். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தினோம்.

அண்ணாச்சி கோபப்படுவார் என்று பயந்தது உண்மை. தகவலைப் பார்த்த மறுநாள் நேரிலேயே வந்தார். "என்ன தம்பி, கவர்மெண்டுக்கு எழுதுற மாதிரி எழுதிருக்க?" என்றார். பிறகு சுவரைத் தொட்டுப் பார்த்தார். சுவிட்ச் போர்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

நவம்பர் 17ஆம் தேதி கொத்தனார் வந்தார். கசிவு நின்றது. ஒயரிங்கை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அன்று மாலை நான் மறுபடி எழுதினேன்: "அண்ணாச்சி, கூரை வேலை இன்று முடிந்தது, நன்றி. நவம்பர் 8ஆம் தேதி எழுதியதில் ஒயரிங் மட்டும் பாக்கி இருக்கிறது."