'சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா!'

அப்பா வீட்டை விற்கிறதுக்கு முன்னாடி, இப்படிச் சொல்லி தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் அண்ணன்மார்களே! உயில் எழுதாமல் போன இந்துத் தகப்பனின் சுயசம்பாத்திய வீட்டில் கல்யாணமான மகளுக்கும் சமபங்கு உண்டு. 'அதான் நகை போட்டாச்சே' என்பதெல்லாம் சட்டத்தில் செல்லாது.

நியாயம் உறைக்கலையா? கணக்காவது உறைக்கட்டும். அம்மாவும் இல்லை, பிள்ளைகள் மூவர். 1985-ல் அப்பா வாங்கிய வீடு. 2001-க்கு முந்தையது என்பதால், 1.4.2001 அன்றைய மதிப்பை அடக்க விலையாகக் காட்டலாம். அது, வழிகாட்டி மதிப்பை மீறாமல், 6 லட்சம். இப்போது 90 லட்சத்துக்குப் போகிறது. லாபம் 84 லட்சம்.

ஆறு மாதத்துக்குள் இதற்கென்றே உள்ள அரசு நிறுவனக் கடன் பத்திரங்களில் போட்டால் போட்ட தொகைக்கு வரி இல்லை. ஆனால், ஆளுக்கு 50 லட்சம்தான் உச்சவரம்பு. தனியாக விற்கும் அண்ணன் மிச்சமுள்ள 34 லட்சத்துக்கு, 12.5 சதவிகிதத்தில் கணக்கிட்டால், 4.25 லட்சம் வரை அழணும். செஸ் தனி. மூவரும் சேர்ந்து கிரயம் எழுதிக் கொடுத்தால் தலைக்கு 28 லட்சம் லாபம். முழுசையும் பத்திரத்தில் போடலாம். வரி பூஜ்யம்! ஐந்து வருஷம் பணத்தைத் தொட முடியாது, அவ்வளவுதான்.

தங்கச்சி, நீங்க முதல்ல பத்திரத்தின் தலைப்பைப் படிங்க. 'கிரயம்' என்றால், உங்கள் பங்குக்கான செக் உங்கள் பேரில் வரணும். 'விடுதலை' என்றிருந்து, உங்களுக்கு எவ்வளவு என்று எழுதாமல் இருந்தால், பேனாவை மூடிடுங்க.