கையில் கொடுத்த காசு கணக்கில் சேராது

கரும்பை ஆலைக்குள் தள்ளும்போது சகோதரி ஒருவரின் வலது கை உள்ளே சிக்கியது. கட்டைவிரல் தவிர நான்கு விரல்களும் போய்விட்டன. வயது 40. மாதக் கூலி 12,000 ரூபாய். ஆலைக்காரர் ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டினார். பிறகு ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் 75,000 ரூபாயைக் கொடுத்து வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டார். 'பெரிய மனசு' என்று ஊரே பேசியது. நாம் சேரியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இதற்கு ஒரு வாய்ப்பாடு தந்திருக்கிறது. உழைக்கும் திறனை முழுதாக இழந்தவருக்கு, மாதக் கூலியில் 60 சதவீதத்தை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. 30 வயதுக்கு 207.98, 40க்கு 184.17, 50க்கு 153.09. இளையவருக்கு இழந்த உழைப்புக் காலம் அதிகம், அதனால் எண்ணும் பெரிது. திறனில் ஒரு பகுதிதான் போனது என்றால், இந்தத் தொகையில் அத்தனை சதவீதம் கிடைக்கும். ஒரு கையின் நான்கு விரல்கள் போனால் 50 சதவீதம் என்று சட்டமே சொல்கிறது.

இனி அந்தச் சகோதரியின் கணக்கு. 12,000 ரூபாயில் 60 சதவீதம் 7,200. அதை 184.17ஆல் பெருக்கினால் 13,26,024. அதில் பாதி 6,63,012 ரூபாய். இதற்குத்தான் 75,000 கொடுத்து 'தீர்த்துவிட்டார்கள்'.

இது மாதாமாதம் வரும் பணம் அல்ல, ஒரே தொகையாக வர வேண்டியது. மாதாமாதம் வர வேண்டியது வேறு ஒன்று. காயம் ஆறும்வரை வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு, அரைமாதத்துக்கு ஒரு முறை கூலியில் 25 சதவீதம் தர வேண்டும். இவருக்கு அது 3,000, அதாவது மாதம் 6,000 ரூபாய். அதைக் கொடுத்திருந்தால் இறுதித் தொகையில் கழித்துக்கொள்ளலாம். மருத்துவச் செலவைக் கழிக்க முடியாது. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள இடத்தில் வழி வேறு. அங்கே ஆயுள் முழுக்க மாதத் தொகையை இ.எஸ்.ஐ. நிறுவனமே தரும். வயதுக் கணக்கு அதில் கிடையாது.

வாய்ப்பாடு சரியாக இருந்தும் பணம் குறைவது ஏன்? உள்ளே போடும் எண்களைக் குறைத்துவிடுகிறார்கள். கூலி கையில்தான் கிடைக்கிறது, சீட்டு இல்லை. விபத்துக்குப் பிறகு 'மாதம் 8,000தான் கொடுத்தோம்' என்று எழுதினால் தொகை 4,42,008 ஆகிவிடும். ஆதாரில் யாரோ குத்துமதிப்பாகப் போட்ட வயது 50 என்று இருந்தால் 6,63,012 என்பது 5,51,124 ஆகக் குறையும். பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுப்பது அதற்காகத்தான். கூலிக்கு, உடன் வேலை செய்தவர்களின் சாட்சியமும் வாரக் கணக்கு எழுதிய நோட்டும் உதவும்.

சதவீதமும் அப்படித்தான். பார்க்க வேண்டியது உடம்பில் எவ்வளவு போனது என்பதை அல்ல, செய்துவந்த வேலையை இனிச் செய்ய முடியுமா என்பதை. முழங்கைக்கு மேலே இடது கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அது முழு இழப்பே என்று 1975இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கரும்பு தள்ளவும் களை எடுக்கவும் இரண்டு கையும் வேண்டிய பெண்ணுக்கு 50 சதவீதம் போதுமா என்று நாமும் கேட்கலாம்.

அந்த வெள்ளைத்தாள்? பெண் தொழிலாளிக்குரிய மொத்தத் தொகையை, தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் கட்டித்தான் கொடுக்க வேண்டும். முதலாளி நேரடியாகக் கையில் கொடுத்தது இழப்பீடாகவே கருதப்படாது என்பது அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு. இறந்தவரின் குடும்பத்துக்கும் இதே விதி. ஆகவே ஊர்ப் பெரியவர்கள் முன் வைத்த கைநாட்டு அவருடைய உரிமையை முடித்துவிடவில்லை. ஆனால் விபத்து நடந்த இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். பஞ்சாயத்துகள் நாளைக் கடத்துவதன் ஆதாயம் இதில்தான் இருக்கிறது.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் 60 சதவீதமும் வயது எண்ணும் அப்படியே இருக்கின்றன. பத்தாம் வகுப்புப் படித்த பிள்ளை எவரும் போடக்கூடிய பெருக்கல் இது. அடுத்த முறை சேரிக்குள் யாரேனும் வெள்ளைத்தாளோடு வந்தால், கைநாட்டு வைப்பதற்கு முன் அந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டுவோம்.